ஒரே செட்டில் மூன்று மாதேஷ்: உடம்பு, நிறம், குடும்பம் தொடாமல் நண்பனுக்குப் பட்டப்பெயர் வைப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு வகுப்பிலோ வாலிபால் டீமிலோ "மாதேஷ்" என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர் இது. மாதையன், மாது, மாதேசன், மாதம்மாள் என்று வீட்டுக்கு வீடு உண்டு. ஒரே பெயர் பலருக்கு இருக்கும்போது யாரைச் சொல்கிறோம் என்று பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் கண்ணில் முதலில் படுவதைப் பெயருக்கு முன்னால் ஒட்டிவிடுகிறோம். அப்படித்தான் "கருப்பு மாதேஷ்", "குண்டு மாதேஷ்", "டீக்கடை மாதேஷ்" எல்லாம் பிறக்கிறார்கள்.

பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றில் தினமும் சாயங்காலம் வாலிபால் ஆடும் ஒரு செட்டில் இந்த மூவரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பெயர்களையும் மாற்ற வேண்டும், ஆனால் நெருக்கம் குறையக் கூடாது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பலரும் நேராக ஐந்தாம் படிக்குப் போய்ப் பெயர் தேட ஆரம்பிக்கிறார்கள். அப்படி வரும் பெயர் ஒரு வாரம்கூட நிற்காது.

1. பழைய பெயர் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

பட்டப்பெயர் இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஆளைப் பிரித்துக் காட்டும். இன்னொன்று, "நீ எங்க ஆளு" என்று சொல்லும். பழைய பெயர் இதில் எதைச் செய்கிறது என்று தெரியாமல் அதை நீக்கினால் அந்த வேலை காலியாகிவிடும். அடுத்த நாளே யாராவது அதே பெயரைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள்.

சோதிப்பது எளிது. அந்த ஆள் தனியாக உங்களோடு இருக்கும்போது எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். தனியாக இருக்கும்போது "மாதேஷ்", கூட்டத்தில் மட்டும் "கருப்பு" என்றால் அது ஆளைப் பிரிக்கும் பெயர். அவனுக்கு வேறோர் அடையாளம் கொடுத்தால் போதும். தனியாக இருக்கும்போதும் பழைய பெயரே வாயில் வருகிறது என்றால் அது நெருக்கத்தையும் சுமக்கிறது. புதுப் பெயரும் அதே அளவு செல்லமாக இருந்தால்தான் ஒட்டும்.

2. எதைத் தொடக்கூடாது என்பதை நம்ம ஊர்க் கணக்கில் முடிவு செய்யுங்கள்

உடம்பும் நிறமும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிலேயே ஒரு பொறி இருக்கிறது. பாராட்டும் கூடாது. ஒருவனை "வெள்ளையா" என்று செல்லமாகக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்கும் மாநிறக்காரனுக்கு என்ன சொல்கிறோம் என்று யோசியுங்கள். கருப்பாக இருப்பவனை "வெள்ளையா" என்றும், பருமனானவனை "ஒல்லி" என்றும் தலைகீழாகக் கூப்பிடுவது கேலியை இரண்டு மடங்காக்கும்.

குடும்பத்தில்தான் பலர் தெரியாமல் தடுக்குகிறார்கள். முதலாவது அப்பா பெயர். இனிஷியலில் என்ன பெயர் என்று தோண்டி எடுத்து அப்பா பெயராலேயே பையனைக் கூப்பிடுவது நம் பள்ளிக்கூடங்களில் பழைய பழக்கம். விளையாட்டாகத்தான் தொடங்கும். அப்பா இல்லாத பையனுக்கும், குடிக்கிற அப்பா உள்ள பையனுக்கும் அது வேறு மாதிரி விழும்.

இரண்டாவது, அப்பா அம்மா செய்யும் தொழில்: டீக்கடை, சலூன், கறிக்கடை, சித்தாள் வேலை. மூன்றாவது, குடியிருக்கும் இடம். நம் மாவட்டங்களில் பல குடியிருப்புகளுக்கு "கொட்டாய்" என்று முடியும் பெயர், பெரும்பாலும் ஒரு குடும்பத்தையோ ஒரு தாத்தாவையோ வைத்து. கொட்டாய் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனுடைய பங்காளிகள் எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட்ட மாதிரி. "காலனி" என்று ஒட்டுவது அதைவிட மோசம், அது நேராகச் சாதியைச் சொல்லிவிடும். சாதிப் பட்டத்தை மரியாதைக்காகச் சேர்ப்பதும் வேண்டாம். ஒருவனைப் பட்டத்தோடு கூப்பிட்ட உடனே அதே கூட்டத்தில் இன்னொருவன் பட்டமில்லாதவனாக நிற்பான்.

பெரிய ஊர்ப் பெயர் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஓசூரில் தங்கி வேலை பார்ப்பவனை ஊர்க்காரர்கள் "ஓசூரு" என்பதில் யாரையும் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டே வையுங்கள்.

3. தனியாகக் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டினால் மற்ற எல்லாம் வீண். கூட்டத்தில் கேட்டால் எவனும் "எனக்குப் பிடிக்கல" என்று சொல்லமாட்டான். "அட பரவாயில்ல விடுங்கடா" என்றுதான் வரும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்பதற்கு முன்பே சில அடையாளம் தெரியும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவன் சிரிப்பான். முதல் கூப்பாட்டுக்குத் திரும்பாமல் இரண்டாவதுக்குத் திரும்புவான். புது ஆளிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டான். அம்மாவோ அக்காவோ கூட வரும்போது உங்களைப் பார்த்தும் பாராத மாதிரி வேறு பக்கம் போய்விடுவான். இதில் இரண்டு தெரிந்தாலே அவனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேட்கும் நேரம் முக்கியம். ஆட்டம் முடிந்து இரண்டு பேர் மட்டும் வண்டியில் திரும்பும்போது கேட்டால் நல்லது. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச்சு சுலபமாக வரும். "உனக்கு அந்தப் பேரு புடிக்குமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ம்" என்ற பதில்தான் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்:

"டேய், இனிமே உன்ன நான் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடப் போறதில்ல. வேற எப்படிக் கூப்பிடட்டும்?"

முடிவை நீங்கள் எடுத்துவிட்டதால் குறை சொல்லும் பாரம் அவன் மேல் விழாது. அவன் "எப்படியோ கூப்பிடு" என்றால் நான்காம் படிக்குப் போங்கள். "பேரு சொல்லியே கூப்பிடேன்" என்றால் அதுதான் பதில், மேலே தேட வேண்டாம்.

வீட்டில் அவனை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்திருந்தாலும் அதை எடுத்துக் கூட்டத்தில் விடாதீர்கள். சின்னு, பாப்பு, குட்டி போன்ற வீட்டுப் பெயர்கள் அம்மா வாயில் இருக்கும் வரைதான் செல்லம்.

4. ஒரு வாரம் அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள்

நல்ல பட்டப்பெயர் ஒருவன் எப்படி இருக்கிறான் என்பதிலிருந்து வருவதில்லை, அவன் என்ன செய்கிறான் என்பதிலிருந்து வருகிறது. செய்வது அவன் கையில் இருக்கிறது. தோலும் எலும்பும் அவன் கையில் இல்லை. அதனால்தான் ஒன்று இனிக்கிறது, இன்னொன்று குத்துகிறது.

பார்க்க வேண்டியது மூன்று. எந்த வேலைக்கு எல்லோரும் அவனைத் தேடுகிறார்கள்? எதைப் பற்றிப் பேசினால் அவன் குரல் உயர்கிறது? கேட்காமலேயே அவன் செய்யும் உதவி என்ன? மனதில் வைக்காமல் போன் குறிப்பில் எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் பழைய பெயரின் நினைவே திரும்ப வரும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. இன்னும் நடக்காததை வைத்துப் பெயர் வைக்கிறார்கள். நீட் எழுதப் போகிறவளை "டாக்டர்", போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறவனை "எஸ்ஐ" என்று ஆசையாகத்தான் கூப்பிடுகிறார்கள். மார்க் வராத அன்றைக்கு அதே பெயர் அவர்களைக் குத்திக் காட்டும். நிறுத்தினாலும் வலிக்கும், தொடர்ந்தாலும் வலிக்கும். அதுபோல ஒருநாள் பஸ்ஸில் வாந்தி எடுத்ததையும், மேடையில் பேச்சு மறந்ததையும் பெயராக்க வேண்டாம்.

5. வாய்க்கும் காதுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்

மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து கத்தினால் இன்னொரு மூலைக்குக் கேட்க வேண்டும். "மாதேஷ்" என்பதன் கடைசி எழுத்து காற்றோடு போய்விடும், இழுத்துக் கத்த முடியாது. நாம் இயல்பாகவே கடைசியில் ஆ, ஈ, ஏ என்று நீட்டிக் கூப்பிடுகிறவர்கள். ஆகவே இரண்டு மூன்று எழுத்தில், நீட்டி முடிக்கக்கூடிய பெயராகப் பாருங்கள். நான்கைந்து எழுத்துக்கு மேல் போனால் ஊர் அதைத் தானே வெட்டிச் சுருக்கும். வெட்டிய மிச்சம் என்னவாக இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இன்னொரு வேலையும் உண்டு. அங்கே கூட்டத்தில் தெலுங்கு பேசுகிறவரும் கன்னடம் பேசுகிறவரும் இருப்பார்கள். அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். தலையில் எப்போதும் பிச்சிப்பூ வைத்துவரும் தோழியை ஆசையாகப் "பிச்சி" என்றால், தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு அது பைத்தியம் என்று கேட்கும்.

6. மூன்று சோதனை

முதலாவது கோபச் சோதனை. அந்தப் பெயரைச் சண்டையில் சொல்வது போல முறைத்துச் சொல்லிப் பாருங்கள். வசவாக மாறிவிட்டால் விட்டுவிடுங்கள். நண்பர்களுக்குள் சண்டை வரத்தான் செய்யும், அன்றைக்கு அது கையில் கிடைக்கும் கல்லாகிவிடும்.

இரண்டாவது அம்மா சோதனை. அவன் வீட்டு வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? அவன் அம்மா "ஏன் கண்ணு அப்படிக் கூப்பிடற?" என்று கேட்டால் தயங்காமல் காரணம் சொல்ல முடியுமா?

மூன்றாவதுதான் முக்கியம். புதிதாக வந்த ஒருவர் "ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டால் அந்தக் காரணத்தை அவனே சொல்ல விரும்புவானா? விரும்புவான் என்றால் அந்தப் பெயர் நிற்கும்.

7. மூன்று மாதேஷும் எப்படி மாறினார்கள்

முதலில் "கருப்பு மாதேஷ்". அவன் சர்வீஸ் போட்டால் எதிர் டீம் பின்னால் நகர்ந்து நிற்கும். ஆட்டம் இல்லாத நாளிலும் சுவரில் அடித்துப் பழகுவான். "சர்வீஸ்" என்றே வைத்துப் பார்த்தார்கள். ஒர்க்‌ஷாப் ஞாபகம் வந்தது, நீட்டவும் முடியவில்லை. அதை "சர்வா" என்று மாற்றினார்கள். உண்மையான பெயர் போலவே இருக்கிறது, மூலை வரை கேட்கிறது, கோபத்தில் சொன்னாலும் வசவாகவில்லை. காரணம் கேட்டால் அவனே பந்தை எடுத்துக் காட்டுவான்.

"குண்டு மாதேஷ்" விஷயம் கடினமாக இருந்தது. அவன் தெருக்கூத்தில் மிருதங்கம் வாசிக்கிறான். ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குத் தாளமும் சொல்லிக்கொடுக்கிறான். முதலில் வந்த பெயர் "மத்தளம்". கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மத்தளத்தின் உருவம் கண்ணில் வந்ததும் எல்லோர் பார்வையும் அவன் வயிற்றுக்குப் போனது. புதுப் பெயருக்குள் பழைய கேலியே வந்து உட்கார்ந்துகொண்டது. திறமையிலிருந்து பெயர் எடுத்தாலும் அந்தப் பொருள் உடம்பை நினைவூட்டினால் விட்டுவிட வேண்டும்.

அடுத்து "ஜதி". அழகான பெயர், சின்னதும்கூட. தூரத்திலிருந்து கத்திப் பார்த்தபோது "ஜாதி" என்று காதில் விழுந்தது. நாலு பேர் இருக்கும் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையும் விட்டார்கள்.

கடைசியில் அந்தப் பிள்ளைகள் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். "வாத்தியாரே!" கூத்துக் கற்றுத் தருகிறவரை அப்படித்தான் சொல்வார்கள். நண்பர்கள் வாயில் அது மரியாதையாகவும் இருந்தது, கட்டிப்பிடிப்பது போலவும் இருந்தது. புதிதாகக் கண்டுபிடிப்பதைவிட இப்படி ஏற்கெனவே யாரோ அன்பாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பெயரை எடுத்துக்கொள்வது எப்போதும் சுலபம்.

"டீக்கடை மாதேஷ்" தனியாகக் கேட்டபோது சொன்னது: "எனக்கு எந்தப் பேரும் வேணாம்டா. மாதேஷ்னே கூப்பிடுங்க." மற்ற இருவருக்கும் வேறு பெயர் வந்துவிட்டதால் இனி அவனைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. மூன்று பேரில் ஒருவன் வெறும் மாதேஷாக இருக்கலாம். மற்ற இருவரிடமும் "அவன் மாதேஷாவே இருக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள். சொந்தப் பெயர் யாருக்குப் போகிறது என்பதும் சின்ன விஷயமில்லை.

8. பழைய பெயரை அறிவிப்பு இல்லாமல் நிறுத்துங்கள்

"இனிமே யாரும் அவனக் கருப்புன்னு கூப்பிடக் கூடாது" என்று கூட்டத்தில் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் பழைய பெயரும் சொல்லப்படுகிறது, அவன் புண்பட்டான் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த வாரம் வம்புக்காகவே அதைச் சொல்லுவார்கள்.

கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவன் ஒருவன் இருப்பான். எல்லோரும் அவன் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். முதலில் அவனிடம் தனியாகப் பேசுங்கள். அவன் ஒரு ஆட்டம் முழுக்க "சர்வா, போடு! சர்வா, இந்தா!" என்று சொன்னால் மற்றவர்கள் வாயில் தானே ஒட்டிக்கொள்ளும்.

அதே நாளில் எழுத்தில் இருப்பதையும் மாற்றுங்கள்: போனில் சேமித்த பெயர், வாட்ஸ்அப் குழுவில் அவனைக் குறிப்பிடும் விதம், ஸ்கோர் எழுதும் நோட்டு, ஜெர்சி முதுகு. போனில் பழைய பெயர் இருந்தால் ஒவ்வொரு அழைப்பிலும் அது திரையில் எழும், அதைப் பார்த்தே வாயும் சொல்லும்.

யாராவது மறந்து பழைய பெயரைச் சொன்னால் திருத்தாதீர்கள். அடுத்த வாக்கியத்தில் நீங்கள் புதுப் பெயரைச் சொல்லுங்கள். "கருப்பு எங்கடா?" என்று கேட்டால், "சர்வாவா? தண்ணி குடிக்கப் போயிருக்கான்." அவ்வளவுதான். வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் சொல்கிறவனிடம் மட்டும் பிறகு தனியாகப் பேசுங்கள். ஒரு மாதம் போனால் பழைய பெயர் எங்காவது எப்போதாவதுதான் வரும்.

9. மச்சான், மாப்ள, பங்காளி போதுமா?

பெயரே வேண்டாம், உறவுமுறை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் "மச்சான்" என்றால் அக்கா தங்கச்சி உறவு உள்ளே வந்துவிடுகிறது. வீட்டில் அக்கா இருக்கும் பையன் சிலருக்கு அது பிடிக்காது. அவன் உங்களைத் திருப்பி "மச்சான்" என்று சொல்கிறானா என்று பாருங்கள். சொல்லாமல் "டேய்" என்றோ பெயரையோ சொன்னால் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். "பங்காளி"யில் அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டு மூன்று வயது மூத்தவருக்குப் பட்டப்பெயர் வைத்தால் பின்னால் அண்ணாவோ அக்காவோ சேருங்கள்: "சர்வாண்ணா". அவர் வயதுக்காரர்கள் வெறும் "சர்வா" என்பதைக் கேட்டு நீங்களும் அப்படியே சொன்னால் நெருக்கம் போய்த் துடுக்காகிவிடும். தோழிகளுக்குள் "டி" போடுவதும் இப்படித்தான், அவள் முதலில் உங்களிடம் போட்ட பிறகு போடுங்கள்.

10. ஃபிளெக்ஸ் கடைக்குப் போகும் முன்

கல்யாணத்துக்கு நண்பர்கள் சார்பில் ஃபிளெக்ஸ் வைக்கும்போதுதான் செத்துப்போன பட்டப்பெயர்கள் எழுந்து வருகின்றன. கீழே வரிசையாக நண்பர்கள் போட்டோ, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். டிசைன் செய்கிறவரிடம் பழைய ஃபைல் இருந்தால் அதிலிருந்தே பெயரை எடுத்துப் போட்டுவிடுவார். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், பழைய வாத்தியார்கள் எல்லோரும் அதைப் படிப்பார்கள். பிரிண்ட் ஆன பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் பெயர்ப் பட்டியலை நீங்களே புதிதாக டைப் செய்து கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும், குழுவில் இல்லாமல் தனித்தனியாக, "ஃபிளெக்ஸ்ல உன் பேரு எப்படிப் போடட்டும்?" என்று கேளுங்கள். ப்ரூஃப் வந்ததும் பெயர்களை மட்டும் ஒருமுறை தனியாகப் படித்துவிட்டுப் பிரிண்டுக்குச் சொல்லுங்கள்.